தமிழில் 200 சொல் கேட்டால் ஏன் அளவு மாறி வருகிறது?

“ஏஐ கருவியிடம் ‘200 சொல்லில் தமிழில் எழுது’ என்றால் ஒரு தடவை 140 வருகிறது, அடுத்த தடவை 250 வருகிறது. ஏன் இப்படி? சரியான அளவில் வாங்க என்ன செய்வது?”

அது சொற்களை எண்ணிக்கொண்டே எழுதுவதில்லை, காரணம் அதுதான். எழுத்தைச் சிறு துண்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறது. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். இதுவரை எத்தனை சொல் ஆயிற்று என்று காட்டும் மீட்டர் எதுவும் உள்ளே ஓடுவதில்லை. இந்த அளவுக் கட்டுரை இந்த இடத்தில் முடியும் என்ற பழக்கத்தை வைத்து ஒரு குத்துமதிப்பில் நிறுத்துகிறது. 50 சொல் கேட்டால் ஓரளவு பக்கத்தில் வரும். 1000 கேட்டால் நிறையத் தள்ளிப்போகும்.

தமிழில் இந்தக் குத்துமதிப்பு இன்னும் தடுமாறுகிறது. ‘கடலூர்’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்குள் அது ஆறு குறியீடு, யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். அதனால் தமிழ்ச் சொல் பல டோக்கன்களாக உடைகிறது. எத்தனையாக உடையும் என்பது கருவிக்குக் கருவி மாறும். பதிலுக்கு டோக்கன் உச்சவரம்பு இருந்தால், நீளமான தமிழ்ப் பதில் வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்து நிற்பதும் இதனால்தான்.

அப்புறம், சொல் என்பதையே நாம் ஒரே மாதிரி எழுதுவதில்லை. இதைப் பாருங்கள்: “புதுச்சேரியிலிருந்து வரும் பேருந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.” நான்கு சொல். ‘காத்துக் கொண்டிருந்தான்’ என்று பிரித்தால் ஐந்து, ‘காத்துக் கொண்டு இருந்தான்’ என்றால் ஆறு. இதே செய்தியை ஆங்கிலத்தில் சொல்ல ஒன்பது சொல் ஆகும். இந்தக் கருவிகள் படித்துப் பழகியதில் பெரும்பங்கு ஆங்கிலம். 200 சொல்லுக்கு எவ்வளவு செய்தி வேண்டும் என்ற கணக்கும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. அவ்வளவு செய்தியைத் தமிழில் போட்டால் 140 சொல்லில் விஷயம் தீர்ந்துவிடும். உங்களுக்குக் குறைந்து வருவது பெரும்பாலும் இதனால்தான். கூடிப்போகிறது என்றால் கடைசிப் பத்தியைப் பாருங்கள். அநேகமாக மேலே சொன்னதையே பாராட்டு மொழியில் மறுபடி சொல்லியிருக்கும்.

நான் கடலூரில் விழா மலர்களுக்குப் பக்கம் அமைக்கிறேன். ஒரு மலரில் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பற்றி 200 சொல் கட்டுரை வேண்டியிருந்தது. இந்த மாதிரி வேலைக்கு நான் சொல் கணக்கு கேட்பதே இல்லை, வாக்கியக் கணக்குதான் கேட்பேன். சாதாரணத் தமிழ் வாக்கியம் எட்டிலிருந்து பத்துச் சொல் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் நான்கு பத்தி, பத்திக்கு ஐந்தாறு வாக்கியம். ஐந்து வரை எண்ணுவதில் அது அதிகம் தவறாது. ஒவ்வொரு பத்திக்கும் செய்தியையும் நானே கொடுத்துவிடுவேன்: கோட்டை இருக்கும் இடமும் கெடிலம் ஆறும் முதல் பத்தி, 1690இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது இரண்டாவது, 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தது மூன்றாவது, இன்றைய நிலை நான்காவது.

வந்ததை kottai.txt என்ற கோப்பில் சேமித்து, வெளியே பைத்தானில் எண்ண வேண்டும்:

```python
print(len(open("kottai.txt", encoding="utf-8").read().split()))
```

பதிலின் அடியில் அதுவே ‘200 சொற்கள்’ என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். நிரல் ஓட்டி எண்ணும் வசதியுள்ள கருவி உண்மையிலேயே ஓட்டியிருந்தால் ஒழிய, அந்த எண்ணும் ஊகம்தான்.

முப்பது நாற்பது சொல் குறைகிறது என்றால் ‘இன்னும் நீட்டு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முழுவதையும் மாற்றி எழுதிவிடும், சரியாக இருந்த ஆண்டுகூட மாறலாம். போதாத இடத்தை வெறும் பெருமைச் சொற்களாலோ, இட்டுக்கட்டிய விவரத்தாலோ நிரப்பும். எந்தப் பத்தி என்று குறிப்பிட்டு, புதிதாக ஒரு செய்தியைக் கையில் கொடுங்கள். இந்தக் கட்டுரையில் அதற்குக் கிடைத்தது நல்ல செய்தி: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை இருந்த ஊர்களையும் விற்பனையில் சேர்த்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது. இதை இரண்டாவது பத்தியில் நான்கு வாக்கியமாகச் சேர்த்தால் அளவு சரியாகிவிடும். கூடினால் நீங்களே வெட்டுங்கள், ஒரு நிமிட வேலை.

அச்சுக்குப் போவதாக இருந்தால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அச்சிடுபவர்களுக்கு வேண்டியது சொல் எண்ணிக்கையா, பக்கத்தில் நிற்கும் அளவா? மேலே பார்த்த வாக்கியத்தை நான்காக எழுதினாலும் ஆறாக எழுதினாலும் பத்தியில் ஏறக்குறைய அதே இடத்தைத்தான் பிடிக்கும்.