போனில் நேராகத் தெரியும் பக்கம் வாசிக்கும்போது ஏன் குப்பையாகிறது?

*"அம்மப்பாவின் கல்வெட்டுப் புத்தகத்தைப் போனில் படம் எடுத்து, படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் டெசராக்டில் கொடுத்தேன். வருவதெல்லாம் தமிழ் எழுத்துத்தான், ஆனால் ஒரு சொல்லும் உருப்படியாக இல்லை. கலரியில் பக்கம் நேராகத்தான் தெரிகிறது. சுழற்றியும் பார்த்தாச்சு. என்ன பிழை?"*

கலரியை நம்பாதீர்கள். அது உங்களுக்குக் காட்டுவது ஒன்று, கோப்புக்குள் கிடப்பது இன்னொன்று.

நான் யாழ்ப்பாணத்தில் கம்பஸ் பக்கம் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோக்கொப்பி, ரைப் அடித்தல், பழைய புத்தகங்களை எழுத்தாக மாற்றிக் கொடுத்தல், இவைதான் வேலை. உங்கள் பிரச்சினை எனக்கும் வந்தது, அதுவும் ஒரு கல்வெட்டில்தான். ஒரு அன்ரி தன் தகப்பனாரின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை எழுத்தாக மாற்றித் தரச் சொல்லி வந்தா. புத்தகம் பிரான்சில் மகனிடம் இருந்தது, அவர் 44 பக்கத்தையும் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முதல் பத்துப் பக்கம் சாதாரணப் படமாக வந்தது. எழுத்து கொஞ்சம் மங்கல், ஆனாலும் வாசிக்க முடிந்தது. தரம் போதாதென்று, மிச்சத்தை டொக்கியுமென்டாக அனுப்பச் சொன்னேன். அப்படி வந்த படங்கள் கண்ணாடி மாதிரி. டெசராக்டில் போட்டால் ஒரு வரியும் தேறவில்லை. அன்ரி சொன்னா: "தம்பி, போனில வடிவாத் தெரியுது. உங்கட கொம்பியூட்டருக்குத்தான் கண் பிழை."

அரை நாள் போன பிறகு, ImageMagick என்ற படக் கருவியில் இதைத் தட்டிப் பார்த்தேன்:

```
magick identify -format "%w %h %[EXIF:Orientation]\n" p11.jpg
4032 3024 6
```

அகலம் 4032, உயரம் 3024. திரையில் நெட்டையாகத் தெரியும் பக்கம், கோப்பில் படுத்துக் கிடக்கிறது. போனின் கமராவுக்குள் இருக்கும் சென்சர் படுக்கையாகப் பொருத்தப்பட்டது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தின் புள்ளிகளைத் திருப்பி அடுக்குவதில்லை, சென்சர் கண்டபடியே எழுதிவிட்டு, "காட்டும்போது வலப்பக்கம் 90 பாகை திருப்பிக் காட்டு" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வைக்கின்றன. அந்தக் குறிப்புத்தான் கடைசியில் உள்ள 6. எண் 1 என்றால் திருப்ப ஒன்றுமில்லை, 3 என்றால் தலைகீழ், 8 என்றால் இடப்பக்கம் 90. கலரி அந்தக் குறிப்பைப் படித்துத் திருப்பிக் காட்டுகிறது. டெசராக்ட் அதைப் பார்ப்பதே இல்லை, புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் முதல் பத்துப் பக்கம் எப்படிச் சரியாக வந்தது? வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது புள்ளிகளையே திருப்பி அடுக்கிவிட்டு, குறிப்பை எறிந்துவிடுகிறது. டொக்கியுமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும், குறிப்பும் கூடவே வரும். தரம் கேட்டு வாங்கிய நான்தான் தொல்லையையும் வாங்கிக்கொண்டேன். நீங்கள் சுழற்றியும் பலன் இல்லாமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: சில செயலிகளில் சுழற்று பொத்தானை அழுத்தினால் மாறுவது அந்த ஒற்றை எண் மட்டும், புள்ளிகள் அசைவதில்லை.

சரி, படுத்துக் கிடந்தால் ஏன் வாசிக்க முடியாது? நாம் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் யோசிக்காமலே திருப்பிப் பிடிக்கிறோம். இயந்திரம் செய்யும் முதல் வேலை வரிகளைத் தேடுவது. நேரான பக்கத்தில் இரண்டு வரிகளுக்கு நடுவே இடமிருந்து வலம்வரை ஒரு வெள்ளை இடைவெளி ஓடும், அதை வைத்து வரிகளைப் பிரிக்கலாம். பக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் வரிகள் தூண்களாகிவிடும். இப்போது கிடையாகப் பார்த்தால் ஒரு எழுத்து முதல் வரியிலிருந்து, அடுத்தது இரண்டாம் வரியிலிருந்து, அதற்கடுத்தது மூன்றாம் வரியிலிருந்து. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறு. 'ர' ஒடுக்கம், 'ணை' அகலம். அதனால் அந்த எழுத்துகள் ஒரே கோட்டிலும் நிற்பதில்லை. இயந்திரம் வரி என்று வெட்டி எடுப்பது இப்படிக் கோர்த்த துண்டுகளைத்தான். அந்தத் துண்டுக்குள் ஒவ்வொரு எழுத்தும் படுத்தபடி கிடக்கும்.

தலைகீழாக இருப்பது வேறு மாதிரி. வெள்ளை இடைவெளிகள் அப்படியே இருக்கும், வரிகள் சுத்தமாகப் பிரியும். பிழை அடுத்த கட்டத்தில் வருகிறது. பிரித்த வரியை ஏறத்தாழ 40 புள்ளி உயரமுள்ள நாடாவாகச் சுருக்கி, இடமிருந்து வலமாக வாசிக்கிறது டெசராக்ட் (4ஆம் பதிப்பிலிருந்து இப்படி). நேரான எழுத்துகளைக் காட்டித்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். மெய்யின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி இப்போது காலடியில். 'ப' கவிழ்ந்தால் துணைக்கால் போலத் தெரிகிறது. 'இது தெரியாத எழுத்து' என்று சொல்லி நிறுத்த அதற்குத் தெரியாது. அருகில் எது பொருந்துகிறதோ அதை எழுதிக்கொண்டே போகும், பழக்கத்தில் அடிக்கடி கண்ட சேர்க்கைகளின் பக்கம் சாய்ந்துகொண்டு. அதனால்தான் உங்களுக்கும் தமிழ் எழுத்தாகவே வருகிறது.

கொஞ்சம் பழகினால் வந்த குப்பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பக்கவாட்டென்றால் துண்டு துண்டான குட்டி வரிகள், நடுவே கோடும் புள்ளியும். தலைகீழென்றால் வரி எண்ணிக்கையும் சொல் இடைவெளியும் புத்தகத்தில் உள்ள மாதிரியே இருக்கும், பொருள் மட்டும் இராது. பக்கத்தின் கடைசி வரி முதலாவதாக நிற்கும்.

என்னைக் கேட்டால் தலைகீழ்தான் மோசம். பக்கவாட்டுக் குப்பையைக் குப்பை என்று யாருக்கும் தெரியும். தலைகீழில் இலக்கங்கள் தப்பிப் பிழைக்கும். 0, 1, 8 கவிழ்ந்தாலும் ஏறக்குறைய அதேதான், 6 கவிழ்ந்தால் 9, 9 கவிழ்ந்தால் 6. அந்தக் கல்வெட்டிலிருந்து பிறப்பு, திருமணம், வயது இவற்றை மட்டும் எடுத்துப் பட்டியல் போடுவது வேலையின் ஒரு பகுதி. எல்லாப் பக்கத்தையும் ஒன்றாக ஓடவிட்டு இலக்கங்களை மட்டும் பிடுங்கினேன், சுற்றியிருந்த எழுத்தை நான் வாசிக்கவில்லை. ஒரு பக்கம் தலைகீழாக இருந்திருக்கிறது. அதில் திருமணமான ஆண்டு 1961. கவிழ்த்தாலும் அது 1961தான், தாளில் எழுதித் திருப்பிப் பாருங்கள். அன்ரி சொன்ன ஆண்டோடு பொருந்தியதால் அந்தப் பக்கத்தை நம்பிவிட்டேன். அதே பக்கத்தில் இருந்த வயது 68, கவிழ்ந்து 89 ஆகிவிட்டது. அன்ரி பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தா: "அப்பாவை இருபத்தொரு வருசம் கூட வாழ வச்சிட்டீர் தம்பி."

அந்தப் பக்கம் எப்படித் தலைகீழானது என்றால், மேசையில் வைத்து நேர் மேலே இருந்து எடுத்ததால். போன் தான் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்பதைப் புவியீர்ப்பை வைத்தே அறிகிறது. திரை வானத்தைப் பார்க்க, போன் மேசைக்கு இணையாகப் படுத்துவிட்டால் ஈர்ப்பு நேராக முதுகுப் பக்கம் இழுக்கும். எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியாது, கடைசியாக அறிந்த திசையையே எழுதிவிடும். ஆகவே சில படங்களில் குறிப்பே பிழை, கலரியிலும் பிழையாகத்தான் தெரியும். எடுக்க முன் போனை ஒருமுறை நிமிர்த்திப் பிடித்து, திரையில் உள்ள குட்டி அடையாளங்கள் நேராகத் திரும்புவதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சாய்த்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

உங்கள் படங்களுக்கு முதலில் குறிப்பில் உள்ளதைப் புள்ளிகளில் ஏற்றுங்கள். பிறகு எழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று டெசராக்டையே கேளுங்கள்:

```
magick p11.jpg -auto-orient n11.jpg
tesseract n11.jpg - --psm 0
```

முதல் கட்டளை புள்ளிகளைத் திருப்பி அடுக்கி, எண்ணை 1 ஆக்கிவிடும். இரண்டாவது வாசிக்காது, திசையை மட்டும் சொல்லும். இதற்கு `osd.traineddata` என்ற கோப்பு இருக்க வேண்டும். நீங்கள் ஒன்றும் குறிப்பிடாமல் ஓட்டும்போது இந்தத் திசைச் சோதனை நடப்பதே இல்லை, பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பதிலில் `Rotate: 180` என்று இருந்தால் `magick n11.jpg -rotate 180 s11.jpg` என்று திருப்பிவிட்டு, `-l tam` கொடுத்து வாசிக்க விடுங்கள்.

ஆனால் அது சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். பதிலில் `Orientation confidence` என்றொரு எண் வரும். அது நூற்றுவீதம் அல்ல. 1ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் நான் படத்தைத் திறந்து கண்ணால் பார்ப்பேன். `Script` என்ற இடத்தில் Tamil இல்லாமல் வேறு எழுத்தின் பெயர் வந்தாலும் அப்படித்தான். எழுத்து போதாத பக்கத்தில் `Too few characters` என்று சொல்லிக் கைவிட்டுவிடும், வழக்கமான எல்லை 50 எழுத்து. கல்வெட்டின் முகப்பில் படமும் பெயரும் இரண்டு திகதியும்தான் இருக்கும், அங்கே இது உதவாது.

ஸ்கிரீன்சொட் எடுத்தால் நேராகிவிடுமே என்று யாராவது சொல்வார்கள். நேராகும். ஆனால் 1080 புள்ளி அகலத் திரையில் எடுத்தால் அவ்வளவுதான் மிஞ்சும். ஏ5 அளவுப் பக்கத்துக்கு அது அங்குலத்துக்கு 185 புள்ளிதான், மூலப் படத்தில் 500க்கு மேல் இருந்தது. 300 இருந்தால்தான் மெய்யின் புள்ளியும் கொம்பும் தெளிவாக வரும்.

அந்த 44 பக்கத்தில் கடைசிவரை மசியாதது வம்சாவளிப் பக்கம் ஒன்றுதான். கமராவும் சரி, குறிப்பும் சரி, அச்சகமே மரத்தை இடம் போதாமல் பக்கவாட்டில் அச்சடித்திருந்தது. அதற்குள்ளும் சில பெயர்கள் கிளையோடு நிமிர்ந்தும் சில படுத்தும். ஒரு பக்கத்துக்கு ஒரு திசை என்றுதான் சோதனை எடுத்துக்கொள்ளும், எப்படித் திருப்பினாலும் பாதிதான் வரும். அதைத் துண்டுகளாக வெட்டி மினக்கெடாமல் நானே இருந்து ரைப் அடித்தேன், ஒரு மணித்தியாலம் பிடித்தது. உங்கள் புத்தகத்திலும் அப்படிப் பக்கம் இருந்தால் அதை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.