கெட்டில் ஒரு வழக்கு, அயர்ன் பாக்ஸ் வேறு வழக்கு

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். 9 மாதத்துக்கு முன்பு 1,400 ரூபாய்க்கு எலக்ட்ரிக் கெட்டிலும், 2,600 ரூபாய்க்கு வேறு கம்பெனி ஸ்டீம் அயர்ன் பாக்ஸும் வாங்கினேன். உப்பு படிந்ததால் கெட்டிலை எலுமிச்சை உப்பு போட்டுச் சுத்தம் செய்தேன். அயர்ன் பாக்ஸ் தொட்டியில் வினிகர் ஊற்றிச் சூடேற்றினேன். இப்போது கெட்டில் சூடாவதே இல்லை, அயர்ன் பாக்ஸ் பழுப்பாகத் தண்ணீர் கக்குகிறது. இரண்டுக்கும் வாரண்டி இருக்கிறது. ‘ஆசிட் ஊற்றியது உங்கள் தப்பு’ என்று இரண்டு சர்வீஸ் சென்டரிலும் கையை விரித்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: கெட்டிலுக்குப் போடலாம். அயர்ன் பாக்ஸுக்கு, அதன் கையேட்டைப் பார்க்காமல் போடாதீர்கள்.

முதலில் கெட்டில் கையேட்டில் பராமரிப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உப்பு படிந்தால் சிட்ரிக் ஆசிட் அல்லது வினிகர் கொண்டு நீக்கச் சொல்லித்தான் பெரும்பாலான கையேடுகளில் இருக்கும். நம் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவது அந்தச் சிட்ரிக் ஆசிட்தான். அவர்களே எழுதிக் கொடுத்த முறையைப் பின்பற்றியவரை ‘தவறாகப் பயன்படுத்தினார்’ என்று சொல்ல முடியாது.

ஆனால் எப்படிச் செய்தீர்கள் என்று நுகர்வோர் ஆணையத்தில் கேட்பார்கள். சரியான முறை இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைப் போட வேண்டும். நுரைத்துக்கொண்டு வெள்ளைப் படிவு கரையும். அரை மணி நேரம் விட்டுக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைத்துக் கொட்ட வேண்டும். எலுமிச்சை உப்பு போட்ட பிறகு கொதிக்க விடக்கூடாது. சூடு ஏற ஏறக் கரைந்த சுண்ணாம்பு வேறு உப்பாக மாறித் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். இப்போதைய கெட்டில்களில் சூடேற்றும் எலிமெண்ட் எஃகு அடித்தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. இந்தக் கரைசல் அதைத் தொடுவதே இல்லை. இப்படித்தான் செய்தீர்கள் என்றால், எலிமெண்ட் போனதற்கு எலுமிச்சை உப்பு காரணம் என்ற வாதம் நிற்காது.

எதிர்த்தரப்புக்கும் வாதம் உண்டு. கெட்டிலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடித்தட்டு வழவழவென்று இருந்தால் உங்கள் பக்கம் பலம். ஊசி குத்தியதுபோல் குழிகள் இருந்தால், கழிவறை கழுவும் ஆசிட் ஊற்றியதாகச் சொல்வார்கள். அந்த வகை ஆசிட் எஃகையே அரிக்கும். கம்பி நார் கொண்டு தேய்த்த கீறல், கீழே கனெக்டருக்குள் தண்ணீர் போன தடம், இதெல்லாம் உங்களுக்கு எதிரான சாட்சி. தடித்த உப்புப் படிவு மிச்சமிருந்தாலும் சிக்கல். படிவு வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுப்பதால் எலிமெண்ட் அளவுக்கு மீறிச் சூடாகும். தண்ணீர் கொதிக்கும் முன்பே கெட்டில் அணைந்துபோவது இதன் அறிகுறி. படிவால் வரும் பழுதை வாரண்டியில் விலக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அயர்ன் பாக்ஸ் கதை வேறு. நீராவி உண்டாகும் அறை பொதுவாக அலுமினியம். தண்ணீர் பரவுவதற்காக உள்ளே ஒரு பூச்சும் இருக்கும். சூடான வினிகர் அந்தப் பூச்சையும் உலோகத்தையும் அரிக்கும். அதனால்தான் ‘தொட்டியில் வினிகரோ உப்பு நீக்கியோ ஊற்றாதீர்கள்’ என்று பல கையேடுகளில் இருக்கிறது. செல்ஃப் கிளீன் வசதி இருந்தால், தொட்டியை நிரப்பி, முழுச் சூட்டுக்கு ஏற்றி, பிளக்கைப் பிடுங்கி, சிங்குக்கு மேல் பிடித்து அந்தப் பொத்தானை அழுத்தி ஆட்ட வேண்டும். கொதிநீரோடு செதில் செதிலாக உப்பு கொட்டும். கை பத்திரம். உங்கள் கையேட்டில் அந்தத் தடை இருந்தால் 2,600 ரூபாயை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் நேர்மையான யோசனை. தடையே எழுதவில்லை என்றால் கேட்க இடமிருக்கிறது.

சரி, கெட்டிலுக்கு என்ன செய்வது? வாரண்டி மறுப்பை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். ஜாப் ஷீட்டில் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். தரவில்லை என்றால் நடந்ததைக் கம்பெனிக்கு மின்னஞ்சலில் நீங்களே எழுதுங்கள். 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

பொருளைப் பரிசோதிக்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால், 38-வது பிரிவின்படி ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். அதனால் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து கெட்டிலைத் திறந்துவிடாதீர்கள். ஒரு திருகு கழன்றிருந்தாலும் ‘வெளியாள் கை வைத்துவிட்டார்’ என்பார்கள். பில், கையேடு, உள்ளே எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அதே அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டிவிடுங்கள்.