மாணவர் சார்பில் நாலு நிமிஷம்: பட்டமளிப்பு மேடைப் பேச்சு பற்றிக் கேள்வி பதில்

தண்டையார்பேட்டை மாணவி: அக்கா, பி.எஸ்சி. வேதியியலில் நான்தான் முதல் மதிப்பெண். அடுத்த வாரம் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பாப் பேசணும். இப்படி ஆரம்பிச்சிருக்கேன், சரியா? "மூன்று ஆண்டுகள் மூன்று நொடிகளாய்ப் பறந்துவிட்டன. ஒரு கூட்டுப் பறவைகளாய் வாழ்ந்த நாம் இன்று திசைக்கொருவராய்ச் சிறகை விரிக்கிறோம். தோள் கொடுத்த தோழர்களுக்கு நன்றி."

இதை அப்படியே கோயம்புத்தூரில் ஒரு பி.காம். மாணவியிடம் கொடுத்தால் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் வாசித்துவிடுவாள். அங்கேயும் கைதட்டுவார்கள். ஆனால் உன் வகுப்பு இதில் எங்கேயும் இல்லை.

இன்னொரு தப்பும் இருக்கிறது. ஏப்ரலில் தேர்வு முடிந்து, ரிசல்ட் வந்து, பல மாதம் கழித்துத்தான் பட்டமளிப்பு விழா வரும். சில கல்லூரிகளில் அடுத்த கல்வியாண்டே வந்துவிடும். பாதிப் பேர் அதற்குள் வேலையில் சேர்ந்திருப்பார்கள், லீவு சொல்லிவிட்டு வந்து கவுன் மாட்டியிருப்பார்கள். அவர்களிடம் போய் "இன்று சிறகை விரிக்கிறோம்" என்றால் கடைசி வரிசையில் சிரிப்பு வரும். அது பிரிவு உபசார விழாவில் பேச வேண்டிய வரி.

ஒன்று சொல். உங்கள் வகுப்பில் ஒருத்தர் இன்னொருத்தருக்காகத் திரும்பத் திரும்பச் செய்த வேலை ஏதாவது உண்டா? ஒரு நாள் செய்த உதவி வேண்டாம். வழக்கமாகவே ஆகிப்போன ஒன்று.

அதே மாணவி: கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிட்டா நாலு பேர் எப்பவும் லேட். ரெண்டாவது பெஞ்சுல ஒருத்தி நோட்டுக்குள்ள கார்பன் பேப்பர் வச்சு எழுதுவா. அடிப்பிரதி அந்த நாலு பேருக்கு. போட்டோ எடுத்து அனுப்பலாமேன்னு கேட்டா, ஒருத்தன்கிட்ட நல்ல போன் இல்லைன்னா.

பேச்சு கிடைத்துவிட்டது. இதை இப்படி எழுதிப் பார்:

"கொருக்குப்பேட்டை கேட் மூடினால் எங்கள் வகுப்பில் நாலு இடம் காலியாக இருக்கும். ஆனால் அந்த நாலு பேருக்கும் முதல் பீரியட் பாடம் ஒருநாளும் விட்டுப்போனதில்லை. இரண்டாவது பெஞ்சில் ஒரு தோழி கார்பன் தாள் வைத்து எழுதினாள். மேல் பிரதி அவளுக்கு, அடிப்பிரதி அவர்களுக்கு. யாரும் கேட்டுச் செய்ததில்லை. இன்று காலையும் கேட் மூடித்தான் இருந்தது. நாலு பேரும் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்."

இதில் 'நட்பு', 'தியாகம்', 'தோள்' எதுவும் இல்லை. நன்றி என்ற சொல்லே இன்னும் வரவில்லை. அடுத்த வரியில் அவள் பெயரைச் சொல்லி "நன்றி" என்று ஒரே சொல்லோடு நிறுத்து. செயலைச் சொல்லி முடித்த பிறகு நன்றிக்கு அடைமொழி தேவைப்படாது. 'மனமார்ந்த', 'நெஞ்சார்ந்த' என்று சேர்த்தால் கட்டிய வேகம் இறங்கிவிடும். கேட் மூடியிருந்தது என்கிற வரியை மட்டும் அன்று காலை விசாரித்துவிட்டுச் சொல். திறந்திருந்தால் வெட்டிவிடு, அந்த நாலு பேருக்கு உண்மை தெரியும்.

வியாசர்பாடி மாணவர்: இப்படி ஒருத்தியை மட்டும் சொன்னா மீதி 45 பேரும் கோவிச்சுக்குவாங்க. பேசாம எல்லார் பேரையும் படிச்சிடலாம். அதுதான் நியாயம்.

கோபம் வரும் என்பது சரி. மருந்துதான் தப்பு. ஒரு பெயருக்கு இரண்டு நொடி வைத்தாலும் 46 பேருக்கு ஒன்றரை நிமிஷம். உங்களுக்குக் கொடுத்திருப்பதே நாலு நிமிஷம். அதோடு சான்றிதழ் வாங்கும்போது அதே பெயர்களை மைக்கில் எப்படியும் கூப்பிடப் போகிறார்கள்.

மேடையில் நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிஷத்துக்கு 90, 100 சொல்தான் போகும். நாலு நிமிஷம் என்றால் 330 சொல் எழுதுங்கள், கைதட்டலுக்கும் மூச்சுக்கும் மீதி. அதில் நன்றிக்கு 180 சொல். கார்பன் தாள் போல ஒரு செய்தியை விரிவாகச் சொல்லுங்கள். பிறகு ஒரே வரிச் செய்திகள் மூன்று, பெயரில்லாமல்: லேபில் பியூரெட் உடைந்தபோது காசு பங்கு போட்டவர்கள், லேட்டாகும் நாளில் மூலக்கொத்தளம் வரை கூடவே நடந்து வந்தவர்கள், இப்படி. அந்த மூன்றும் வேறு வேறு கூட்டத்தைத் தொடும்படி பாருங்கள். விடுதியில் இருப்பவர்கள், தினம் வந்துபோகிறவர்கள், கடைசி பெஞ்சு. பெயர் வராவிட்டாலும் "அது நான்தான்" என்று ஒவ்வொருவரும் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

திருவொற்றியூர் மாணவி: எதிர்காலத்தைப் பத்தி என்னதான் பேசறது? கனவு, இலக்கு, வானமே எல்லை எல்லாத்தையும் அடிச்சிட்டேன். தாள்ல ஒண்ணுமே மிச்சமில்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: "போன திங்கட்கிழமை காலை 9 மணிக்கு எங்கே இருந்தே?" எதிர்காலத் திட்டம் என்ன என்று கேட்டால் எல்லோரும் ஐ.ஏ.எஸ். என்பார்கள். 9 மணிக்கு எங்கே என்று கேட்டால் உண்மை வரும். மணலியில் கம்பெனி லேபில் மாதிரி எடுத்துக்கொண்டு, டி.என்.பி.எஸ்.சி. வகுப்பில், மெட்ரோவில் நின்றுகொண்டு, அம்மாவோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில், தூங்கிக்கொண்டு.

அதில் ஐந்தை எடுத்து, சொன்னவரிடம் அனுமதி வாங்கி, வரிசையாகச் சொல்லுங்கள். தூங்கியவனை மூன்றாவதாக வையுங்கள், சிரிப்பு வரும். ஆஸ்பத்திரி வரிசையைச் சிரிப்புக்கு உடனே பின்னால் வைக்காதீர்கள், அந்தச் சிரிப்பு அதன் மேலும் விழுந்துவிடும். "இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை" என்று பதில் போட்டவர் ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும். வேலை கிடைத்தவர்களை மட்டும் சொன்னால் அது கல்லூரியின் வேலைவாய்ப்பு நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும்.

பிறகு முன்னோக்கி ஒரே ஒரு வரி, தேதியோ இடமோ உள்ளதாக. "அரியர் வைத்திருப்பவர்கள் இன்று இந்த அரங்கில் இல்லை. நவம்பர் தேர்வுக்கு முந்தின இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவர்களோடு உட்கார எங்களில் ஆறு பேர் தயார்." இப்படிச் சொல்வதானால் அந்த ஆறு பேரும் முதலில் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். சும்மா சொல்வதற்கு 'வானமே எல்லை'யே தேவலாம், அதை யாரும் நம்பி வந்து காத்திருக்க மாட்டார்கள்.

காசிமேடு மாணவர்: எங்க செட்ல ஒருத்தன் அப்பா விசைப்படகுல போறவர். மீன்பிடித் தடைக்காலம் முடியுற நேரத்துல காலேஜ் ஃபீஸ் கட்ட முடியலை, நாங்க எல்லாரும் போட்டுக் கட்டினோம். பேர் சொல்லாம இதைச் சொல்லலாம்ல?

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கல்லூரி திறக்கிற நேரத்தில் கையில் காசிருக்காது என்பது உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்பது அரங்கில் அரை நொடியில் தெரிந்துவிடும். அவன் அப்பா அன்று அங்கே உட்கார்ந்திருப்பார் தம்பி.

இன்னொரு சிக்கல், கொடுத்தவர்களில் நீயும் ஒருவன். நன்றி என்ற பெயரில் உன்னையே பாராட்டிக்கொள்வதாகிவிடும். சொல்லியே ஆகவேண்டும் என்றால், எழுதிய வாக்கியத்தை அப்படியே அவனிடம் தனியாகக் காட்டு. குழுவில் கேட்காதே. சிரித்துக்கொண்டே "சொல்லிக்கோடா" என்றால் அதை நம்பாமல் மறுநாள் ஒருமுறை கேள். கொஞ்சம் தயங்கினாலும் எடுத்துவிடு.

ராயபுரம், படித்து முடித்தவர்: நான் அப்படி வாங்கினவன்தான். மேடையில யாராவது சொல்லியிருந்தா எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்திருக்கும். ஒளிக்கிறதுதான் அசிங்கம்.

அப்படி நினைக்கிறவர்களும் உண்டு, நீங்கள் சொல்வதைத் தள்ள மாட்டேன். ஆனால் உங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பாரா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் கேட்டால்தான் தெரியும்.

பழைய வண்ணாரப்பேட்டை மாணவர்: நம்ம ஏரியா பாஷையிலயே பேசினா என்ன? 'இன்னாபா'ன்னு ஆரம்பிச்சா கூட்டம் அலறும்.

முதல் அலறல் கிடைக்கும். இரண்டாம் நிமிஷத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள். பேச்சு முழுக்க உங்களுக்கு இயல்பாக அப்படி வருமானால் தாராளமாகப் பேசுங்கள். 'இன்னாபா' என்று தொடங்கி அடுத்த வரியே 'பேரன்பிற்குரிய' என்று போனால், நம் பேச்சை நாமே நையாண்டி செய்தது போலாகும். சினிமாக்காரர்கள் செய்வது போதும். என் யோசனை, நண்பன் சொன்னதை அவன் வாயாலேயே சொல்லும் இடத்தில் அப்படியே வையுங்கள், மற்றதைச் சாதாரணப் பேச்சுத்தமிழில் பேசுங்கள். இதை ஒத்துக்கொள்ளாத தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கத்திலும்.

பெரம்பூர், ஒரு அம்மா: என் பொண்ணு யு.கே.ஜி. கிராஜுவேஷன்ல பேசப் போறா மேடம். அவளுக்கும் நாலு நிமிஷம் எழுதித் தருவீங்களா?

நாலு வரி போதும்மா. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் பெயர், அது என்ன பகிர்ந்தது, "தேங்க்ஸ்", வணக்கம். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கச் சொல்லி முன்னாடியே கேட்டுவையுங்கள். தொப்பிக்குள் இரண்டு பக்கமும் ஹேர்பின் குத்துங்கள், இல்லாவிட்டால் வணக்கம் சொல்லக் குனியும்போது விழும்.

எண்ணூர் மாணவர்: "மேடையில் வீற்றிருக்கும்"னு வரிசையா எல்லாரையும் சொல்லாம நேரா விஷயத்துக்குப் போயிடலாம்னு இருக்கேன். போகலாமா?

பாதி போகலாம். ஏழு பேரைப் பட்டத்தோடு விளித்தால் ஐம்பது நொடி போய்விடும், தொகுத்து வழங்குபவரும் முதல்வரும் ஏற்கெனவே விளித்தும் இருப்பார்கள். ஆனால் ஒரேயடியாக விட்டால் துறைத்தலைவருக்குத்தான் தலைவலி. சிறப்பு விருந்தினர் பெயரை அழைப்பிதழில் அச்சிட்டபடி ஒருமுறை, முதல்வரை ஒருமுறை, மற்றவர்களை "ஆசிரியர்கள், பெற்றோர்" என்று சேர்த்து. பதினைந்து நொடி. மூன்று நாள் முன்னாலேயே துறைத்தலைவரிடம் காட்டிவிடுங்கள், அன்று காலை காட்டினால் புதுசாக நாலு பெயர் சேரும்.

தண்டையார்பேட்டை மாணவி, மறுபடி: அக்கா, கார்பன் தாள் இடத்துல எனக்கு அழுகை வந்துடுது. வீட்ல படிச்சப்பவே நின்னுட்டேன்.

அந்தப் பத்தியை மட்டும் வாய்விட்டு இருபது தடவை படி. மனசுக்குள் படித்தால் பயனில்லை, குரல்தான் பழக வேண்டும். மேடையில் தொண்டை அடைத்தால் பேசிக்கொண்டே தள்ளப் பார்க்காதே, கிறீச்சென்று போகும். நிறுத்து, தாளைப் பார், மூச்சை வெளியே விடு, அடுத்த வாக்கியத்தைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் எடு. மூன்று நொடி மௌனம் உனக்குத்தான் நீளம், கேட்பவர்களுக்கு இல்லை.

போனைப் பார்த்துப் படிக்காதே, திரை அணையும். ஏ4 தாளில் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சடி, பக்க எண் போடு. மேடையில் பெடஸ்டல் ஃபேன் இருக்கும், கவுன் கையும் தொங்கும், இரண்டும் சேர்ந்து தாளை இழுக்கும். பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு எடுத்துப் போ. மைக் வாயிலிருந்து ஒரு சாண், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். இல்லாவிட்டால் 'ப' வரும்போதெல்லாம் ஸ்பீக்கர் இடிக்கும். உன் பேச்சில் 'பெஞ்சு', 'பிரதி', 'பாடம்' என்று நிறைய 'ப' இருக்கிறது.