ஸ்க்ரப் டைபஸ் பாசிட்டிவ்: ரத்தம் எடுத்தது காய்ச்சலின் எத்தனையாவது நாள்?

கேள்வி: அம்மாவுக்குக் காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்புகள். மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் எலைசா பாசிட்டிவ், அளவு 0.9. டாக்சிசைக்ளின் ஆரம்பித்திருக்கிறார்கள். போன வருடம் மார்கழியிலும் இதே மாதிரி காய்ச்சல் வந்து சரியானது. இது நிஜமாகவே ஸ்க்ரப் டைபஸ்தானா?

பதில்:

மாத்திரையை நிறுத்தாதீர்கள், அது முதல் விஷயம். சந்தேகம் இருக்கும்போதே டாக்சிசைக்ளினைத் தொடங்குவதுதான் சரியான வழக்கம். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்து நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ரிப்போர்ட்டில் என் கண் முதலில் போவது 0.9 மேல் அல்ல, 'மூன்றாம் நாள்' மேல்.

இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருளைத்தான் அளக்கிறது. அது கண்டுபிடிக்கும் அளவுக்குச் சேரப் பெரும்பாலும் காய்ச்சலின் முதல் வாரக் கடைசி ஆகிவிடும். இரண்டாம் வாரத்தில் வேகமாக ஏறும். அப்புறம் மெதுவாக இறங்கும். பலருக்குப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட ரத்தத்தில் தங்கியிருக்கும். அதனால் மூன்றாம் நாளில் நெகட்டிவ் வந்தால் 'இல்லை' என்று சொல்ல முடியாது. மூன்றாம் நாளிலேயே பாசிட்டிவ் வந்தால், அது போன மார்கழியின் மிச்சமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. 0.5 என்ற அளவைப் பல ஆய்வகங்கள் எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. 0.9 அதைத் தாண்டியதுதான், ஆனால் வெகுதூரம் தாண்டவில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 'எத்தனை நாளாகக் காய்ச்சல்?' என்று கேட்டால், நம் ஊரில் பாதிப்பேர் படுத்த படுக்கையான நாளிலிருந்துதான் கணக்குச் சொல்வார்கள். அதற்கு முன் சாயங்காலம் லேசாகக் குளிர் அடித்தது, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனது எல்லாம் கணக்கில் வராது. அம்மாவிடம் உட்கார்ந்து விசாரியுங்கள். தலைவலி எப்போது தொடங்கியது, முதல் மாத்திரை எந்தக் கிழமை போட்டார் என்று கேளுங்கள். உண்மையில் அது ஏழாம் நாளாக இருந்தால், அதே 0.9-க்கு அர்த்தமே வேறு. ஸ்க்ரப் டைபஸில் தடிப்பு பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில்தான் வயிறு, முதுகுப் பக்கம் தொடங்கும் என்பதால், தடிப்பு ஏற்கெனவே வந்திருப்பதும் நாள் கணக்கைச் சந்தேகப்பட வைக்கிறது. ஆனால் டெங்குவிலும் தடிப்பு வரும். தட்டணுக்கள் குறைவதும் கல்லீரல் என்சைம்கள் ஏறுவதும் இரண்டிலும் உண்டு, அதை வைத்துப் பிரிக்க முடியாது. டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள். அது முதல் ஐந்து நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும்.

இன்றே வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: ஸ்க்ரப் டைபஸைப் பரப்பும் ஒட்டுண்ணிப் பூச்சி கடித்த இடத்தைத் தேடுவது. சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது, அதனால் அம்மாவுக்கே தெரியாமல் இருக்கும். அக்குள், மார்புக்குக் கீழ், பாவாடை நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். வியர்வை தங்கும் மடிப்புகளில் பொருக்கு கறுப்பாக இருக்காது, ஆழமில்லாத சிறு புண்ணாக மட்டும் தெரியும். அது கிடைத்துவிட்டால் ஐஜிஎம் அளவைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். வேண்டுமானால் அந்தப் பொருக்கிலிருந்தே, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்யலாம். மாத்திரை தொடங்கிய பிறகும் பலன் தரும். கிடைக்கவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

மருந்து எடுத்து 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கினால் ஸ்க்ரப் டைபஸுக்குச் சாதகமான குறிதான். ஆனால் டெங்கு காய்ச்சலும் ஐந்தாறு நாளில் தானாகவே இறங்கும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். காய்ச்சல் இறங்கும் சமயத்தில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு வந்தாலும், எப்போதானாலும் மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது என்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், முதல் ரத்தம் எடுத்து இரண்டு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி ஐஜிஎம் பாருங்கள். முதல் மாதிரியின் சீரம் ஃப்ரீசரில் இருந்தால் இரண்டையும் ஒரே தட்டில் ஓட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரு நாள் ஓட்டத்துக்கும் இன்னொரு நாளுக்கும் அளவு கொஞ்சம் மாறும். 0.9 என்பது 2.5 பக்கம் ஏறியிருந்தால் இந்தக் காய்ச்சல் ஸ்க்ரப் டைபஸ்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். அங்கேயே நின்றிருந்தால் பழைய மிச்சமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் சீக்கிரமே டாக்சிசைக்ளின் தொடங்கியவர்களில் சிலருக்கு இந்த ஏற்றம் மட்டுப்படுவதும் உண்டு. எப்படி இருந்தாலும் இந்த ரிப்போர்ட்டைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், அடுத்த வருடம் காய்ச்சல் வந்தால் பார்க்கிற டாக்டருக்கு அது தேவைப்படும்.