வரி அறிவித்தலில் எழுதியிருப்பதும் நீங்கள் செய்ய வேண்டியதும்

"ஐயா, எனக்கு வந்த வரிக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இதில் என்ன சொல்கிறார்கள்?" (வாசகர், வெள்ளவத்தை)

முதலில் படத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். இது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தல். 2023/2024 மதிப்பாண்டுக்கு, அதாவது 2023 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரையான காலத்துக்கு உரியது. நீங்கள் விபரத்திரட்டு அனுப்பாததால், உங்கள் வருமானம் 19 இலட்சம் ரூபாய் என்று அவர்களே கணித்திருக்கிறார்கள். அதில் 12 இலட்சம் விடுவிப்பைக் கழித்தால் மீதி 7 இலட்சம். முதல் 5 இலட்சத்துக்கு 6 சதவீதமாக 30,000, அடுத்த 2 இலட்சத்துக்கு 12 சதவீதமாக 24,000. மொத்தம் 54,000 ரூபாய். ஏற்கெனவே பிடிக்கப்பட்ட வரிக்கான கட்டத்தில் பூச்சியம் இருக்கிறது. கடிதம் சொல்வது இவ்வளவுதான்.

இனி வருவது என் ஆலோசனை. கடிதத்தில் இது இல்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் மேற்பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது. திகதி அங்கேதான் இருக்கும், அது இல்லாமல் கெடுவை என்னால் கணக்கிட முடியாது. மதிப்பீட்டை ஏற்கவில்லை என்றால், அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்டு, காரணங்களை விரிவாக எழுதி, ஆணையாளர் நாயகத்துக்கு அனுப்ப வேண்டும். மார்ச் 3ஆம் திகதி கிடைத்திருந்தால் ஏப்ரல் 2ஆம் திகதியுடன் முடிந்துவிடும். கடித உறையை எறிந்துவிடாதீர்கள், அஞ்சல் முத்திரை தேவைப்படலாம்.

இந்த 30 நாளுக்கு ஒரு விலக்கு உண்டு. நம்மவர் பலருக்குப் பொருந்துவதால் விளக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்கோ லண்டனுக்கோ போயிருந்தாலும், நோயில் படுத்திருந்தாலும், வேறு நியாயமான காரணம் இருந்தாலும் கால நீடிப்புக் கேட்கலாம். ஆனால் வாய்ச்சொல் போதாது. புறப்பட்ட, திரும்பிய முத்திரைகள் உள்ள கடவுச்சீட்டுப் பக்கங்களின் பிரதியை, அல்லது திகதி குறித்த மருத்துவச் சான்றிதழை இணைக்க வேண்டும். திரும்பி வந்த பிறகும் தாமதித்தால் அந்தக் காரணம் நிற்காது. கடிதத்தை வீட்டில் வேறொருவர் வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டார் என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அந்தப் பூச்சியத்தைக் கவனியுங்கள். உதாரணத்துக்கு, 19 இலட்சத்தில் 9 இலட்சம் நிலையான வைப்பு வட்டி என்றால், வங்கி அந்த ஆண்டில் 5 சதவீதமாக 45,000 ரூபாயை ஏற்கெனவே பிடித்து அரசுக்குக் கட்டியிருக்கும். வங்கியின் சான்றிதழைக் காட்டினால் மீதி 9,000 தான். பிடித்த பணம் அரசின் கையில் இருக்கும்போது, அதை நிரூபிக்கும் சுமையை ஓய்வூதியத்தில் வாழ்பவரின் தலையில் வைக்கிறது இந்த முறை. எத்தனை தடவை சொல்லியும் மாறவில்லை.

தண்டப்பணம் வேறு கணக்கு. விபரத்திரட்டுக்கு 2024 நவம்பர் 30 கடைசி நாள். தாமதத்துக்குக் குறைந்தது 50,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000, உச்சம் 4 இலட்சம். வரி 9,000 ஆனாலும் தண்டம் அதைப் பன்மடங்கு தாண்டும். ஆகவே மீளாய்வு எழுதும்போதே விபரத்திரட்டையும் அனுப்புங்கள். அறிவித்தலில் குறித்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கட்டாத வரிக்கு 20 சதவீதம் தண்டம் சேரும். மாதம் 1.5 சதவீத வட்டியும் ஓடும். நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையை உடனே கட்டிவிடுங்கள்.

இப்போது நான் மிகவும் அஞ்சுவது. கொம்பனித்தெருப் பக்கம் உங்களை யாராவது அணுகி, "உள்ளே ஆள் இருக்கிறார், பாதியாகக் குறைத்துத் தருகிறேன்" என்பார். பலர் ஏமாறுவது பணத்தில் மட்டும் இல்லை. உங்கள் இணையக் கணக்கில் தன் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் பதிந்துகொள்வார். அதன்பின் திணைக்களம் அனுப்பும் தகவல்கள் அவருக்கே போகும். அடுத்த கெடு தாண்டியதை நீங்கள் தண்டம் வந்த பிறகுதான் அறிவீர்கள். கடவுச்சொல்லை எவரிடமும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பதிந்துள்ள இலக்கம் உங்களுடையதா என்று இன்றே பாருங்கள். வரியை இலங்கை வங்கியிலோ திணைக்களத்தின் இணையவழி முறையிலோ மட்டும் செலுத்துங்கள். தனிநபர் கணக்குக்குப் போகும் பணம் வரி ஆகாது. வரி அடையாள இலக்கம் தெரியும் இந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பகிரவும் வேண்டாம்.

கடிதம் உண்மையானதா என்ற ஐயம் இருந்தால், அதிலுள்ள தொலைபேசி இலக்கத்தை விட்டுவிட்டு 1944ஐ அழைத்துக் கேளுங்கள். மீளாய்வுக் கோரிக்கையை நேரில் கொடுத்தால், உங்கள் பிரதியில் திகதி முத்திரை இல்லாமல் கருமபீடத்தை விட்டு நகராதீர்கள்.