மலிவான வழியைத்தானே எடுத்தோம், செலவு ஏன் கூடுகிறது?

“கிடங்குகளிலிருந்து கடைகளுக்குச் சரக்கு அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு சுற்றிலும் டைக்ஸ்ட்ரா மூலம் மிக மலிவான வழியைக் கண்டுபிடித்து, அதில் போகும் அளவுக்கு அனுப்புகிறேன். ஆனால் கையால் கணக்குப் போட்டால் இதைவிடக் குறைந்த செலவு கிடைக்கிறது. எங்கே தவறு?”

அனேகமாக உங்கள் புரோகிராமில் பின்னோக்கிய வழி இல்லை. சின்னக் கணக்கு ஒன்றில் பார்ப்போம். அ, ஆ என்ற இரண்டு கிடங்குகளில் தலா 10 மூட்டை இருக்கிறது. க, ச என்ற இரண்டு கடைகளுக்கும் தலா 10 மூட்டை வேண்டும். மூட்டைக்கு ஆகும் செலவு: அ–க 2, அ–ச 3, ஆ–க 4, ஆ–ச 9.

முதல் சுற்றில் மலிவான வழி அ–க. 10 மூட்டையும் அதில் போய்விடும், செலவு 20. அப்புறம் மிச்சம் ஆ–ச மட்டுமே, அதற்கு 90. மொத்தம் 110. முதலில் எடுத்த முடிவை மாற்ற வழியில்லாததால்தான் இந்த நிலை.

அந்த வழியைத் திறப்பது எளிது. அ–க வழியில் சரக்கு போனதும், க–அ என்று எதிர்த்திசையில் ஒரு வழியைச் சேருங்கள். அதன் கொள்ளளவு 10, செலவு −2. அதில் லாரி எதுவும் திரும்பி வராது. ஏற்கெனவே ஒதுக்கியதை ரத்து செய்து, கொடுத்த 2-ஐத் திரும்பப் பெறுகிறோம், அவ்வளவுதான்.

```
cap[u][v] -= f
cap[v][u] += f
cost[v][u] = -cost[u][v]
```

இப்போது இரண்டாம் சுற்றில் ஆ–க–அ–ச என்ற வழி கிடைக்கும். செலவு 4 − 2 + 3 = 5; நேர்வழியான 9-ஐ விடக் குறைவு. 10 மூட்டைக்கு 50, முன்பு ஆன 20-ஐச் சேர்த்து 70. நடைமுறையில் அ-விலிருந்து ச-வுக்கும், ஆ-விலிருந்து க-வுக்கும் சரக்கு போகிறது.

சரி, இதைச் சேர்த்ததும் அடுத்த சிக்கல் வரும். செலவில் கழித்தல் குறி வந்துவிட்டால் டைக்ஸ்ட்ராவை நம்ப முடியாது. முடிவு செய்துவிட்ட புள்ளிக்கு அதைவிட மலிவான வழி பின்னால் வரலாம். வலைப்பின்னல் சிறியதென்றால் பெல்மன்–ஃபோர்டுக்கு மாறிவிடுங்கள், நானும் முதலில் அதைத்தான் எழுதுவேன். பெரியதென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் `h` என்ற மதிப்பை வைத்து, `cost[u][v] + h[u] - h[v]` என்ற மாற்றிய செலவில் டைக்ஸ்ட்ராவை ஓட்டலாம். சுற்று முடிந்ததும் கிடைத்த தூரங்களை `h`-உடன் கூட்டிவிட்டால், மாற்றிய செலவு எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு சுற்றிலும் வழியின் உண்மையான செலவை அச்சிடுங்கள். அது ஏறலாம், அப்படியே நிற்கலாம், இறங்கவே கூடாது. இங்கே 2, அப்புறம் 5. எங்காவது இறங்கினால், அதற்கு முந்தைய சுற்றிலேயே மலிவான வழி ஒன்று தவறிப்போயிருக்கிறது.