பெயரில்லாத வேலைக்கு உங்கள் பெயர் எதற்கு?

"இத்தாலியின் பொலோனியா நகரில் பொதி கட்டும் இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்தில் வேலை. இத்தாலியனில் நடக்கும் கூட்டத்தின் குறிப்பையும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலையும் சிகாகோவில் இருக்கும் குழுவுக்காக ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறேன். யார் செய்வது என்று இல்லாத இடத்தில், பிரச்சினை வேண்டாமே என்று என் பெயரையே போட்டுவிடுவேன். இரவு 11 மணி வரை வேலை. பிள்ளைக்கு மாமிதான் சோறு ஊட்டுகிறார். இன்னும் வேகமாக மொழிபெயர்க்க வழி சொல்லுங்கள்."

வேகம் கூடினால் உங்கள் தலையில் விழும் வேலையும் கூடும், அவ்வளவுதான். யாரைக் கேட்டு உங்கள் பெயரைப் போட்டீர்கள்?

இத்தாலியக் குறிப்பில் "சி ப்ரொவ்வெதெரா" என்று வாக்கியம் தொடங்கும். 'திருத்திய வரைபடங்கள் 03/04-க்குள் அனுப்பப்படும்' என்பது போல வரும். அனுப்புவது யார் என்பது அதில் இராது. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆள் தெரியும், அதனால் உறுத்தாது. ஆனால் ஆங்கிலப் பட்டியலில் பொறுப்பாளருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட உங்களுக்குப் பயம். பெயரை எழுதியதும், கூட்டம் எடுக்காத முடிவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். வரைபடப் பிரிவுக்காரர் பார்ப்பார். நமக்கு வேலை இல்லை என்று போய்விடுவார்.

மூலத்தில் "அ கூரா தி", அதாவது 'இன்னார் பொறுப்பில்' என்று சொல்லி ஒரு பெயர் இருந்தால் மட்டும் அந்தப் பெயரைப் போடுங்கள். இல்லாவிட்டால் 'குறிப்பில் பெயர் இல்லை' என்றே ஆங்கிலத்தில் எழுதுங்கள். குறிப்பு எழுதியவரிடம் அன்றைக்கே கேளுங்கள். இரண்டு பிரதியிலும் வரிசை எண் ஒன்றாக இருந்தால் 'ஏழாவதுக்கு யார்?' என்று கேட்டாலே போதும். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்: அந்த 03/04 உங்களுக்கு ஏப்ரல் 3, சிகாகோவில் மார்ச் 4.

"எவென்துவால்மென்தே" வரும் வரிகளையும் திரும்பப் பாருங்கள். 'தேவைப்பட்டால் சப்ளையரிடம் பேசலாம்' என்பதுதான் அதன் பொருள். ஒத்த ஒலியுள்ள ஆங்கிலச் சொல்லைப் போட்டால் 'கடைசியில் பேசியே ஆக வேண்டும்' என்று ஆகிவிடும். அப்புறம் அதற்கும் ஆள் தேடுவார்கள், நீங்கள் கை தூக்குவீர்கள்.

மாமி பேரப்பிள்ளைக்கு ஊட்டுவதில் எனக்குக் குறை இல்லை. குடும்பம் ஒன்றாக இருப்பதே அதற்குத்தான். உங்கள் வேலைக்காக அவர் எவ்வளவு நேரமும் தரலாம். யாரோ ஒருவர் வரைய வேண்டிய படத்துக்காக அவரை 11 மணி வரை விழித்திருக்க வைக்க உங்களுக்கு என்ன உரிமை? அலுவலகத்தில் முகம் கோணக்கூடாது என்று வீட்டில் கடன் வாங்குவதை நான் நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன்.

இன்றைக்கே பழைய பட்டியல்களை எடுங்கள். மூலத்தில் பெயர் இல்லாமல் நீங்களாகச் சேர்த்த, இன்னும் முடியாத வேலைகளைத் தனியே எழுதிக் கூட்டத்தை நடத்துபவருக்கு அனுப்பி, 'இவற்றுக்குப் பொறுப்பாளர் யார்?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.